3.52 என்பது எந்தப் பதில்?

வெளிநோயாளிகள் பிரிவிலிருந்து வெளியே வரும் ஒருவரிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். ‘மருத்துவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்’ என்று ஒரு வாக்கியம். எதிரே ஐந்து கட்டங்கள்: முற்றிலும் உடன்படவில்லை, உடன்படவில்லை, நடுநிலை, உடன்படுகிறேன், முற்றிலும் உடன்படுகிறேன். அவர் நான்காவது கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, மாத்திரை வாங்கும் வரிசைக்குப் போய்விடுகிறார். எந்த எண்ணையும் அவர் சொல்லவில்லை. அந்த டிக் ‘4’ ஆனது பிறகு, யாரோ ஒருவர் கணினி முன் உட்கார்ந்து தாள்களைப் பதிவு செய்தபோது.

இப்படி 50 பேரின் டிக்குகளை எண்ணாக்கிக் கூட்டி வகுத்தால் 3.52 என்று ஒரு சராசரி வரும். ஆய்வேட்டில் அது ஓர் அட்டவணையில் ஏறி உட்காரும். வைவா அன்று வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டி நிறுத்தி, “ஏம்மா, இந்த 3.52 எந்தக் கட்டம்? நடுநிலைக்கும் உடன்படுகிறேனுக்கும் நடுவுல இன்னொரு பதில் உங்க தாள்ல இருக்கா?” என்று கேட்பார். “எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க” என்பது அடிக்கடி வரும் பதில். அது உண்மையும்கூட. ஆனால் ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் எழுதக்கூடிய நியாயம் அது இல்லை.

சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வீட்டு மாடிப்படியை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு படி அரையடி, அடுத்தது முக்கால் அடி, கடைசிப் படி காலைத் தூக்கி வைக்க வேண்டிய உயரம். நான்காம் படியில் நிற்பவர் மூன்றாம் படியில் நிற்பவரைவிட மேலே இருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு மேலே என்பது படியை அளந்தால்தான் தெரியும். மேல் கீழ் மட்டும் தெரிந்த தரவை வரிசைத் தரவு என்கிறார்கள். படிகள் எல்லாம் ஒரே உயரம் என்றும் தெரிந்தால் அது இடைவெளித் தரவு. வெப்பமானியின் செல்சியஸ் அளவு அப்படிப்பட்டது. இந்தப் பாகுபாட்டை 1946இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதி நிலைநிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். வரிசைத் தரவுக்குச் சராசரி எடுப்பது கண்டிப்பாகப் பார்த்தால் கூடாது என்று சொன்னவரும் அவரே. அப்படி எடுத்தும் பயனுள்ள முடிவுகள் கிடைப்பதால் நடைமுறையில் அதற்கு ஓர் இடம் உண்டு என்று அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டவரும் அவரே. அவரை மேற்கோள் காட்டுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவது வழக்கம்.

ஐந்து கட்டத் தாள் ஸ்டீவன்ஸுக்கு முன்பே வந்துவிட்டது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொலம்பியா பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வாக அதை வெளியிட்டார். நம் ஊரில் ‘லைகர்ட்’ என்று சொல்வதே பழக்கமாகிவிட்டது. அவர் பெயரை உச்சரிக்க வேண்டிய விதம் ‘லிக்கர்ட்’. அவருக்கு முன் மனப்பாங்கை அளக்க லூயிஸ் தர்ஸ்டன் வகுத்த முறை இருந்தது. அதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நடுவர்கள் பலரிடம் கொடுத்து, பதினோரு குவியல்களாகப் பிரிக்கச் சொல்லி, அதற்கு ஒரு மதிப்பு கண்டுபிடிக்க வேண்டும். பெரிய உழைப்பு. நடுவர்களே இல்லாமல், பதில் சொல்பவரின் டிக்கிலிருந்தே மதிப்பெண் எடுக்க முடியுமா என்பதுதான் லிக்கர்ட்டின் கேள்வி.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. லிக்கர்ட் எடுத்த எடுப்பில் 1, 2, 3, 4, 5 என்று போட்டுவிடவில்லை. மக்களின் மனப்பாங்கு மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருக்கும் என்று கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பேர் டிக் போட்டார்களோ அதற்கேற்ப ஒரு மதிப்பைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கில் படிகள் சமமாக வராது. பிறகு அதே தாள்களுக்கு எளிய 1 முதல் 5 வரை எண்களைக் கொடுத்துப் பார்த்தார். பல வாக்கியங்களைக் கூட்டி வந்த மொத்த மதிப்பெண்களை ஒப்பிட்டால், இரண்டு முறைக்கும் இடையிலான ஒட்டுறவு 0.99 அளவுக்கு வந்தது. அதனால்தான் எளிய முறையே போதும் என்றார். அதாவது, படிகள் சமமில்லை என்றால் முடிவு மாறுமா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, மாறவில்லை என்று கண்ட பிறகே சமமாகக் கொண்டார். பின்னால் வந்தவர்கள் 1 முதல் 5 வரை எடுத்துக்கொண்டார்கள், சோதனையை விட்டுவிட்டார்கள்.

அவர் கூட்டியது பல வாக்கியங்களை என்பதும் முக்கியம். லிக்கர்ட் அளவுகோல் என்பது பத்துப் பதினைந்து வாக்கியங்களின் மொத்தம். அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஓர் உருப்படி. எட்டு உருப்படிகளைக் கூட்டினால் 8இலிருந்து 40 வரை, 33 வெவ்வேறு மதிப்புகள் வரலாம். ஓர் உருப்படியில் ஒரு படி கொஞ்சம் அகலமாகவும் இன்னொன்றில் வேறொரு படி அகலமாகவும் இருந்தால், கூட்டும்போது அந்த ஏற்ற இறக்கங்கள் ஓரளவு ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. எல்லா உருப்படிகளிலும் அதே படி ஒரே மாதிரி அகலமாக இருந்தால் விழுங்காது. அதையும் சொல்லியாக வேண்டும். ஒற்றை உருப்படிக்கோ இந்தப் பாதுகாப்பு கொஞ்சமும் இல்லை. ஐந்தே மதிப்புகள், ஐந்து படிகள், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2004இல் மருத்துவக் கல்வி இதழ் ஒன்றில் சூசன் ஜேமிசன், லிக்கர்ட் தரவுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் எடுப்பது தவறான பயன்பாடு என்று எழுதினார். 2010இல் ஜெஃப்ரி நார்மன் எதிர்த்தார். டி சோதனை போன்றவை தரவு இயல்நிலையிலிருந்து விலகினாலும் எளிதில் உடைந்துபோவதில்லை, வரிசைத் தரவு என்பதற்காக அவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 2018இல் டாரின் லிடெலும் ஜான் குருஷ்கேயும் மறுபடி கிளப்பினார்கள். முன்னணி உளவியல் இதழ்களில் லிக்கர்ட் தரவைப் பயன்படுத்திய 68 கட்டுரைகளை அவர்கள் எடுத்துப் பார்த்தபோது, 68லும் தரவு இடைவெளித் தரவாகவே நடத்தப்பட்டிருந்தது. அப்படிச் செய்தால் இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றலாம், இருக்கும் வேறுபாடு மறையலாம், சில வேளை மேல் கீழே தலைகீழாகவும் ஆகலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

ஆய்வு மாணவர் செய்வது என்னவென்றால், தமக்குப் பிடித்த பக்கத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துப் போட்டுக்கொள்வது. சராசரி எடுத்தவர் நார்மனைச் சேர்க்கிறார்; இடைநிலை அளவு எடுத்தவர் ஜேமிசனைச் சேர்க்கிறார். தேர்வாளர் எதிர்ப்பக்கத்துப் பெயரைச் சொன்னதும் வாயடைத்துப் போகிறது. இரு பக்கமும் சொல்வது சில நிலைமைகளில் சரி, சிலவற்றில் தவறு. தம் தரவு எந்த நிலைமையில் இருக்கிறது என்பதைத்தான் மாணவர் காட்ட வேண்டும். அதற்குப் பென்சிலும் தாளும் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காக உருவாக்கிய எண்கள்தான் இவை. முன்பு சொன்ன ஒரே வாக்கியத்துக்குக் காலை நேர நோயாளிகள் 50 பேரும் மாலை நேர நோயாளிகள் 50 பேரும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

| பதில் | காலை | மாலை |
|---|---|---|
| முற்றிலும் உடன்படவில்லை | 2 | 7 |
| உடன்படவில்லை | 6 | 9 |
| நடுநிலை | 12 | 6 |
| உடன்படுகிறேன் | 24 | 10 |
| முற்றிலும் உடன்படுகிறேன் | 6 | 18 |

காலையின் சராசரி 3.52, மாலையின் சராசரி 3.46. டி சோதனை போட்டால் பி மதிப்பு 0.8க்குப் பக்கத்தில் வரும். வேறுபாடு இல்லை என்று எழுதிவிடலாம். சராசரி கூடாது என்பவர் இடைநிலை அளவுக்குப் போவார். இரண்டுக்கும் 4தான். வரிசைத் தரவுக்கு உரியது என்று சொல்லப்படும் மான்-விட்னி சோதனையின் பி மதிப்பு 0.7ஐ ஒட்டி வரும். அங்கும் வேறுபாடு இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் முதல்முறையாகக் கைகுலுக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அட்டவணையைக் கண்ணால் பார்த்தவர் எவரும் காலையும் மாலையும் ஒன்று என்று சொல்லமாட்டார். காலையில் பாதிப்பேர் மிதமாகத் திருப்தி. மாலையில் ஒரு கூட்டம் மருத்துவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு கூட்டம் கோபமாக இருக்கிறது. உடன்படாதவர்கள் காலையில் 8 பேர், மாலையில் 16 பேர். பரவல்களை அப்படியே ஒப்பிடும் கை வர்க்கச் சோதனை இதைப் பிடித்துவிடுகிறது: மதிப்பு சுமார் 17, பி மதிப்பு 0.002 அளவு. வரிசையா இடைவெளியா என்ற விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் தப்பிப்போயிருக்கக்கூடிய செய்தி இது.

இப்போது படிகளின் உயரத்துக்கு வரலாம். ஒவ்வொரு குழுவிலும் எண்ணிக்கையைக் கீழிருந்து கூட்டிக்கொண்டே போனால், காலைக்கு 2, 8, 20, 44, 50 என்று வரும். மாலைக்கு 7, 16, 22, 32, 50. பள்ளிக்கூடத்தில் குவிவு நிகழ்வெண் என்று படித்தது இதுதான். முதல் மூன்று இடங்களில் மாலையின் எண் பெரிது. நான்காவது இடத்தில் காலையின் எண் பெரிது. இரண்டு வரிகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

இந்த வெட்டுதான் அபாய விளக்கு. படிகள் சமம் என்றால் காலையின் மொத்தம் 176, மாலையின் மொத்தம் 173. இப்போது ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்ற கடைசிப் படியை மட்டும் உயர்த்தி, அதற்கு 5க்குப் பதில் 6 கொடுத்தால் காலை 182, மாலை 191. மாலை முந்திவிட்டது. மாறாக, அடிப் படியை ஆழமாக்கி 1க்குப் பதில் 0 கொடுத்தால் காலை 174, மாலை 166. காலையின் முன்னிலை கூடுகிறது. கடைசிப் படி மற்றவற்றைவிடக் கால் பங்கு மட்டும் உயரமாக இருந்தால் இரண்டும் சரிசமம். ‘முற்றிலும்’ என்ற சொல்லை ஒருவர் வாயிலிருந்து வரவழைக்க அந்தக் கால் பங்கு கூடுதலாகத் தேவைப்படுமா படாதா என்பதை எந்தப் புள்ளியியலாலும் இந்த ஒரு கேள்வியை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே ‘காலைச் சராசரி மாலையைவிட அதிகம்’ என்ற வாக்கியத்துக்கு இங்கே காலே இல்லை.

வெட்டு இல்லாத தரவு எப்படி இருக்கும்? சனிக்கிழமை நோயாளிகள் 50 பேரின் பதில்கள் கீழிருந்து மேலாக 1, 3, 8, 20, 18 என்று வைத்துக்கொள்வோம். கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 12, 32, 50. காலையின் 2, 8, 20, 44 என்ற எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், எல்லா இடத்திலும் சனிக்கிழமையின் எண்தான் சிறியது. அதாவது, எந்தப் படியில் கோடு கிழித்துப் பார்த்தாலும் அதற்குக் கீழே நிற்பவர்கள் சனிக்கிழமையில் குறைவு. இப்படி இருந்துவிட்டால், படிகளின் உயரத்தை யார் எப்படி மாற்றி வைத்தாலும், வரிசை கலையாதவரை, சனிக்கிழமையின் சராசரிதான் அதிகமாக வரும். அங்கே 4.02 என்று ஒரு சராசரியைச் சொல்வதில் பெரிய பாவம் எதுவும் இல்லை. எவ்வளவு அதிகம் என்ற 0.5 மட்டும் படிகளை நம்பி நிற்கிறது; யார் அதிகம் என்பது நிற்கவில்லை.

நார்மன் எப்போது சரி, ஜேமிசன் எப்போது சரி என்பதும் இங்கிருந்து ஓரளவு தெளிவாகிறது. 2010இல் டி வின்டரும் டோடூவும் ஐந்து கட்டப் பதில்களின் 14 வகைப் பரவல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, 98 சேர்க்கைகளில் டி சோதனையையும் மான்-விட்னியையும் மோதவிட்டார்கள். பெரும்பாலானவற்றில் இரண்டின் திறனும் ஏறக்குறைய ஒன்றே. பரவல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, ஓரிடத்தில் கூர்ந்திருந்தாலோ, இரண்டு திமில்களோடு இருந்தாலோதான் வித்தியாசம் தெரிந்தது. மேலே பார்த்த மாலைக் குழு இரண்டு திமில் உள்ள ஒட்டகம். அதற்கு இரண்டு சோதனையும் உதவவில்லை என்பது வேறு கதை.

சரி, முறையியல் அத்தியாயத்தில் என்ன எழுதுவது? ஒற்றை உருப்படியாக இருந்தால் இப்படி எழுதலாம்: ‘மருத்துவர் நோயாளியின் பேச்சைக் கேட்ட விதம் ஒரே உருப்படியால் அளக்கப்பட்டது. ஐந்து பதில்களும் வரிசைத் தரவாகக் கொள்ளப்பட்டன. அவற்றின் இடைவெளிகள் சமம் என்று கருதப்படவில்லை. ஒவ்வொரு பதிலின் எண்ணிக்கையும் சதவீதமும் தரப்பட்டுள்ளன. முன்கூட்டியே திட்டமிட்டபடி, குழுக்களின் பரவல் கை வர்க்கச் சோதனையாலும், ஒரு குழு மற்றதைவிட மேலே இருக்கும் போக்கு மான்-விட்னி சோதனையாலும் ஒப்பிடப்பட்டன. குவிவு நிகழ்வெண்கள் வெட்டிக்கொண்ட இடங்களில் எந்தக் குழு உயர்ந்தது என்ற முடிவு கூறப்படவில்லை.’

பல உருப்படிகளின் கூட்டு என்றால் எழுத்து மாறும்: ‘திருப்தி மதிப்பெண் எட்டு உருப்படிகளின் மொத்தம் (8 முதல் 40 வரை). மொத்த மதிப்பெண் இடைவெளித் தரவாகக் கொள்ளப்பட்டு டி சோதனை செய்யப்பட்டது. இந்த முடிவு படிகள் சமம் என்ற அனுமானத்தை நம்பியிருக்கிறதா என்று அறிய, இரு முனைப் படிகளும் ஒன்றரை மடங்காக்கப்பட்டு (1க்கு 0.5, 5க்கு 5.5) பகுப்பாய்வு மீண்டும் செய்யப்பட்டது, மான்-விட்னி சோதனையும் செய்யப்பட்டது. மூன்றின் முடிவுகளும் இணைப்பில் உள்ளன.’ லிக்கர்ட் 1932இல் செய்ததன் சிறு வடிவம்தான் இது. மூன்றும் ஒன்றையே சொன்னால் தேர்வாளருக்குக் கேட்க எதுவும் மிச்சமிருக்காது. மூன்றும் வேறு வேறு சொன்னால் அது வைவாவுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

‘முன்கூட்டியே திட்டமிட்டபடி’ என்பதை அலங்காரத்துக்குச் சேர்க்கக் கூடாது. நான்கு சோதனைகளைப் போட்டுப் பார்த்து, பி மதிப்பு சின்னதாக வந்ததை வைத்துக்கொண்டு, பிறகு அதற்கொரு நியாயம் தேடுவது நடக்கிற கதைதான். எந்தச் சோதனை முதன்மையானது, எது சரிபார்ப்புக்கு என்பது தாள்களை அச்சடிக்கும் முன்பே ஆய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டும். கை வர்க்கச் சோதனைக்கும் ஒரு குறை உண்டு: அதற்கு ஐந்து கட்டங்களும் ஐந்து பெயர்கள் மட்டும், மேல் கீழ் தெரியாது. எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தால் அதை மான்-விட்னிதான் சீக்கிரம் பிடிக்கும்.

ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சில நியாயங்கள் நியாயமே இல்லை. குரோன்பாக் ஆல்ஃபா 0.8க்கு மேல் வந்தது, ஆகவே இடைவெளித் தரவு என்பார்கள். உருப்படிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே ஆல்ஃபா சொல்லும். படிகள் சமமா என்பது அதற்குத் தெரியாது. இயல்நிலைச் சோதனையில் தரவு தேறவில்லை, ஆகவே வரிசைத் தரவு என்பார்கள். ஐந்தே மதிப்புகள் உள்ள எந்தத் தரவும், ஆட்கள் போதுமான அளவு இருந்தால், அந்தச் சோதனையில் தோற்கும். பரவலின் வடிவம் வேறு, அளவையின் தன்மை வேறு. ஒருவரின் வருமானம் கொஞ்சமும் இயல்நிலையில் பரவுவதில்லை, அதற்காக ரூபாய் வரிசைத் தரவாகிவிடுமா? இன்னும் சிலர் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் `Measure` என்ற நெடுவரிசையில் `Scale` என்று தேர்ந்தெடுத்ததையே ஆதாரமாக எழுதுகிறார்கள். அது ஆய்வாளர் ஒட்டிய சீட்டு. ஒட்டியவரே அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது வேறு. முறையியலில் ‘வரிசைத் தரவு’ என்று ஒரு பத்தி எழுதிவிட்டு, முடிவுகள் அத்தியாயத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் சராசரி போட்டு, அந்தச் சராசரியை வைத்து உருப்படிகளை முதல் இடம், இரண்டாம் இடம் என்று தரவரிசைப்படுத்துவார்கள். 3.52 ஒன்பதாவது இடம், 3.46 பத்தாவது இடம். அப்போது அந்தப் பத்து உருப்படிகளுக்கும் ஐந்தைந்து எண்ணிக்கைகள் எங்கே என்று தேடினால், ஆய்வேட்டில் எங்குமே இருக்காது. அவை இருந்திருந்தால் காலையும் மாலையும் போல எத்தனை ஒட்டகங்கள் அந்த இரண்டு தசமப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன என்று வாசகரே எண்ணிப் பார்த்திருப்பார்.